குறிப்புகள் சட்டகமாகும் விதம்

வீட்டுக் குப்பையைச் சிலர் தரம்பிரித்துக் கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை, ஏன்? இதை ஆராயும் ஒரு மாணவரின் நோட்டில் மாஸ்லோவின் தேவைப் படிநிலை, ரோஜர்ஸின் புதுமைப் பரவல், பந்தூராவின் தன்னாற்றல் நம்பிக்கை, ஐசெக் அய்சன் 1991-இல் விரித்தெழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு எல்லாம் கலந்து கிடக்கும். ஆளுக்கொரு பத்தி எழுதினால் கிடைப்பது அறிஞர் பட்டியல்தான்.

ஒவ்வொரு குறிப்பையும் ‘எது மாறினால் எது மாறும்’ என்று ஒரே வாக்கியமாக்கிப் பார்க்க வேண்டும். மாஸ்லோவிடமிருந்து தரம்பிரித்தல் பற்றி அப்படியொரு வாக்கியம் எளிதில் வராது. ரோஜர்ஸின் முதன்மை அக்கறை, புதிய பழக்கம் சமூகத்தில் பரவும் விதம். நம் கேள்வியோ ஒரு வீட்டின் முடிவைப் பற்றியது. அய்சன் நேரடியாகச் சொல்கிறார்: மனப்பான்மை, வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு, ‘என்னால் முடியும்’ என்ற நினைப்பு மூன்றும் சேர்ந்து உத்தேசத்தை உருவாக்கும், உத்தேசம் செயலாகும். இதையே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாம்.

பந்தூராவையும் தனிக் கட்டமாகச் சேர்க்கலாமே என்று தோன்றும். ஆனால் ‘முடியும் என்ற நினைப்பு’ பந்தூராவின் கருத்துக்கு மிக நெருக்கமானது என்று அய்சனே எழுதியிருக்கிறார். இரண்டையும் வைத்தால் ஒரே விஷயத்தை இருமுறை அளப்போம். வினாத்தாளில் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் வரும்போது இது தெரிந்துவிடும்.

அடுத்தது வரையறை. பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: ஒரே சொல்லுக்கு மூன்று அறிஞர்களின் விளக்கத்தைத் தந்துவிட்டு, தாங்கள் எதை ஏற்கிறோம் என்று சொல்வதில்லை. செயல் என்றால் எது, எதன்மீது, எங்கே, எப்போது என்று நான்கையும் சொல்ல வேண்டும். ‘அடுத்த ஒரு மாதம் சமையலறைக் கழிவையும் உலர்கழிவையும் வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் தனித்தனியாகக் கொடுப்பது’ என்பது வரையறை. உத்தேசத்தைக் கேட்கும் கேள்வியும் இதே செயலைப் பற்றியே இருக்க வேண்டும். ‘சுற்றுச்சூழலைப் பாதுகாப்பீர்களா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். குப்பை கலந்தேதான் வரும்.

இனிப் படம்:

```
மனப்பான்மை → உத்தேசம்
வேண்டியவர்களின் எதிர்பார்ப்பு → உத்தேசம்
முடியும் என்ற நினைப்பு → உத்தேசம்
உத்தேசம் → செயல்
முடியும் என்ற நினைப்பு ⇢ செயல்
```

தாளில் ஒவ்வொரு சொல்லையும் ஒரே ஒரு கட்டமாக வரைந்து, இந்த ஐந்து அம்புகளால் இணைத்தால் போதும். கடைசிப் புள்ளிக்கோட்டுக்குக் காரணம் உண்டு. அடுக்ககத்தில் ஒரே தொட்டிதான் என்றால், உத்தேசம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் செயல் நடக்காது. அந்த நிலைமையை அவர் சரியாகக் கணித்திருந்தால், அவருடைய நினைப்பே செயலை முன்கூட்டிச் சொல்லும். ஒவ்வொரு அம்புக்கும் இப்படி ஒரு விளக்க வாக்கியமும், ஒவ்வொரு கட்டத்துக்கும் வினாத்தாளில் கேள்விகளும் இருக்கின்றனவா என்று விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். விளக்கமில்லாத அம்பை அழித்துவிடலாம்.

அம்பின் திசை கோட்பாடு தருவது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டு முடித்த கணக்கெடுப்பால் அதை நிரூபிக்க முடியாது. தரம்பிரித்துப் பழகியதாலேயே ஒருவருக்கு அதில் நல்லெண்ணம் வந்திருக்கலாம். உத்தேசத்தை இன்று கேட்டு, ஒரு மாதம் கழித்து அதே வீட்டுத் தொட்டியைத் திறந்து பார்த்தால் அந்த ஐயம் ஓரளவு குறையும்.