ஒரே போன், இரண்டு வரிசை

2012 ஜூன் இறுதியில் கூகுள் ஆண்ட்ராய்டு 4.1 ‘ஜெல்லி பீன்’ பதிப்பை அறிவித்தது. எந்த நிறுவனத்தோடும் பிணைக்கப்படாத கேலக்ஸி நெக்ஸஸ் போன்களுக்கு ஜூலையிலேயே அது வரத் தொடங்கியது. அமெரிக்காவில் வெரைசான் விற்ற கேலக்ஸி நெக்ஸஸோ செப்டம்பர் வரை காத்திருந்தது. இத்தனைக்கும் அது கூகுளே முன்னிறுத்திய போன்!

வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இரண்டும் வேறு. வெரைசானின் அழைப்புகள் அப்போது சி.டி.எம்.ஏ. முறையில் சென்றன, அதற்கென்று தனி ரேடியோ, தனி மென்பொருள். புதிய பதிப்பை முதலில் அதோடு பொருத்த வேண்டும். பிறகு வெரைசான் தன் பங்குக்குச் சோதிக்கும்: அழைப்பு துண்டிக்கப்படுகிறதா, ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது இணைப்பு நிற்கிறதா, அவசர எண் 911 கிடைக்கிறதா? குறை தென்பட்டால் திருத்தத்துக்குத் திரும்பிப் போகும். திருத்தி வந்ததை மறுபடி சோதிக்க வேண்டும். வாரங்கள் கரைவது இங்கேதான். அவசர அழைப்பு விஷயத்தில் இந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல முடியாது.

நாடு மாறினாலும் இதே கதைதான். சாம்சங் போன்களில் விற்பனைப் பகுதியைக் காட்டும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு: இந்தியாவுக்கு INS, வெரைசானுக்கு VZW. அப்டேட் அந்தக் குறியீட்டைப் பார்த்தே வருகிறது. போனைப் பற்றிய விவரங்களில் மென்பொருள் தகவல் பக்கத்தைத் திறந்தால் அதைக் காணலாம்.

ஆப்பிள் வேறு வழியில் போகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கான அமைப்புகளைத் தனிச் சிறு கோப்பாகப் பிரித்துவிட்டதால், ஐ.ஓ.எஸ். பெரும்பாலும் எல்லா நாடுகளுக்கும் ஒரே நாளில் வந்துவிடுகிறது.