ஈரம் போனால் எடை எவ்வளவு போகும்?

ஒருமுறை 20 சதவீதம் ஈரமுள்ள மக்காச்சோளம் 10,000 கிலோ வாங்கினோம். காயவைத்து 14 சதவீதத்தில் விற்பதாகப் பேச்சு. ஈரம் 6 சதவீதம் இறங்கினால் எடையும் 6 சதவீதம் இறங்கும், 9,400 கிலோ தேறும் என்று கணக்குப் போட்டு, அந்த எடைக்கே விலை பேசி முடித்துவிட்டோம். காய்ந்த சரக்கு ஏறக்குறைய 9,300 கிலோதான் நின்றது. ஒரு மூட்டை அளவு குறைவு. களத்து ஆட்கள் மீது சந்தேகப்பட்டோம்.

தவறு எங்கள் கணக்கில்தான் இருந்தது. காயும்போது தண்ணீர் மட்டுமே போகிறது. மற்றது அப்படியே நிற்கிறது. வாங்கிய 10,000 கிலோவில் தண்ணீர் 2,000, தண்ணீர் நீங்கிய தானியம் 8,000. காய்ந்த சரக்கில் 14 சதவீதம் தண்ணீர் என்றால், இந்த 8,000 கிலோதான் மீதி 86 சதவீதம். 8,000ஐ 86ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 9,302 கிலோ. தூசியும் சிந்தலும் இதற்கு மேல் தனிக் கழிவு.

அதிகமாகக் காய்ந்தாலும் நட்டமே. 12 சதவீதத்திற்கு இறங்கிவிட்டால் 9,091 கிலோதான் தேறும். விலை 14 சதவீதச் சரக்குக்கு உள்ளதே என்றால் 211 கிலோவுக்கான பணம் போகிறது.

ஆகவே வாங்கும்போதே ஈரத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் குத்தூசியால் எடுத்துக் கலந்து, சூடு ஆறிய பிறகே மீட்டரில் போட வேண்டும். 20 உள்ளதை 19 என்று மீட்டர் காட்டினால், இந்தச் சரக்கில் நூறு கிலோவுக்கு மேல் பிசகும். அப்போதும் பழி களத்து ஆட்கள் மேல்தான் விழும்.