நஷ்டமா, ஐந்தா, பதினொன்றரையா?

பக்கத்து வீட்டு டீச்சர் 2025 ஜனவரியில் ஒரு நாள் நாற்பது பக்க நோட்டோடு வந்தார். மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போடுகிறவர். முந்தைய ஜனவரியில் தொடங்கி ஓர் ஆண்டு முடிந்திருந்தது. இடையில் தீபாவளி போனஸில் 20,000 ரூபாயையும் அதே ஃபண்டில் போட்டிருந்தார்.

"பன்னெண்டு மாசம் அஞ்சாயிரம், அப்புறம் ஒரு இருபதாயிரம். மொத்தம் எண்பதாயிரம் சார். இன்னிக்கு மதிப்பு 78,850. ஆயிரத்து நூத்தம்பது போச்சு."

நோட்டை மூடச் சொல்லிவிட்டு, ஃபண்ட் கணக்கு அறிக்கையைத் திறக்கச் சொன்னேன். கேம்ஸ், கேஃபின்டெக் ஆகிய பதிவாளர் நிறுவனங்களின் தளத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், எந்தத் தேதியில் எவ்வளவு பணம் வந்தது, என்ன என்ஏவி, எத்தனை யூனிட் என்று வரிவரியாக ஓர் அறிக்கை வரும். அதில் ஜூலை மாதமே இல்லை. அந்த மாதம் வங்கிக் கணக்கில் பணம் குறைவாக இருந்ததால் தவணை திரும்பிப் போயிருந்தது. டீச்சர் பழக்கத்தில் ஜூலையையும் நோட்டில் எழுதிவிட்டார். உள்ளே போனது 75,000 தான். நஷ்டம் 3,850 ரூபாய் லாபமாக மாறியது.

"அப்பவும் அஞ்சு பர்சென்ட்தானே சார்? பேங்க்லயே போட்டிருக்கலாமே."

75,000 ரூபாய்க்கு 3,850 என்பது 5.13 சதவீதம். கணக்கு சரி, ஆனால் அதை ஓர் ஆண்டு வட்டியோடு ஒப்பிட்டதுதான் தவறு. 75,000 ரூபாயும் ஓர் ஆண்டு முழுக்க உள்ளே இருக்கவில்லை. ஜனவரியில் போட்ட 5,000 மட்டும் 367 நாள் இருந்தது. டிசம்பரில் போட்டது 32 நாள், போனஸ் பணம் 70 நாள். ஒவ்வொரு தொகையையும் அது இருந்த நாட்களால் பெருக்கிக் கூட்டி, 75,000-ஆல் வகுத்தால் 166 நாள் வருகிறது. அதாவது டீச்சரின் ஒரு ரூபாய் சராசரியாக ஐந்தரை மாதமே வேலை செய்திருக்கிறது. ஐந்தரை மாதத்தில் ஐந்து சதவீதம் என்றால் ஆண்டுக்கு எவ்வளவு? இதற்குத்தான் XIRR.

பெயர் மிரட்டினாலும் அது கேட்கும் கேள்வி எளிது. ஒவ்வொரு தவணையும் போட்ட நாளிலிருந்து ஒரே கூட்டு வட்டியில் வளர்ந்திருந்தால், இன்று கையில் இருக்கும் தொகை வருவதற்கு அந்த வட்டி எவ்வளவாக இருக்க வேண்டும்? இதை நேரடியாகக் கணக்கிடச் சூத்திரம் கிடையாது. ஒரு வட்டியை ஊகித்துப் போட்டுப் பார்த்து, குறைந்தால் ஏற்றி, கூடினால் இறக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டீச்சரின் கணக்கில் முதலில் 11 சதவீதம் வைத்துப் பார்த்தோம். ஜனவரித் தவணை 367 நாளில் 5,553 ரூபாய் ஆகிறது. டிசம்பர் தவணை 32 நாளில் 5,046. போனஸ் பணம் 20,404. எல்லாவற்றையும் கூட்டினால் 78,682. கையில் இருப்பதோ 78,850. ஆக, 11 போதாது. 12 வைத்தால் 79,010 வருகிறது, அது அதிகம். விடை இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 11.5 சதவீதம். கணினியும் இதே வேலையைத்தான் செய்கிறது. 10 சதவீதத்தில் தொடங்கி, வித்தியாசம் மறையும்வரை திருத்திக்கொண்டே போகிறது.

மாத எஸ்ஐபிதானே, எல்லா மாதமும் சமமான இடைவெளி என்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். அப்படி வைத்துக்கொள்ளும் IRR என்ற பழைய கணக்கும் இருக்கிறது. அதற்குத் தேதியே வேண்டாம், தொகைகளின் வரிசை போதும். ஆனால் உண்மை எஸ்ஐபி அப்படி நடப்பதில்லை. டீச்சரின் தவணை நாள் 5-ஆம் தேதி. 2024 மே 5 ஞாயிறு, அதனால் 6-ஆம் தேதி என்ஏவியில் யூனிட் கிடைத்தது. அக்டோபர் 5 சனி, ஆகவே 7-ஆம் தேதி. பணம் ஃபண்டின் கணக்கில் வந்து சேரும் நாளின் என்ஏவிதான் கிடைக்கும் என்பது 2021 பிப்ரவரி முதல் எல்லாத் தொகைக்கும் விதி. இந்த ஒன்றிரண்டு நாள் தள்ளாட்டத்தால் விடை பெரிதாக மாறாது. மாற்றுவது ஜூலையில் விழுந்த ஓட்டையும், அக்டோபர் 28-இல் வந்து விழுந்த இருபதாயிரமும்தான். XIRR ஒவ்வொரு தொகைக்கும் அதன் தேதியைக் கேட்பதால், இரண்டையும் உள்ளபடியே எடுத்துக்கொள்கிறது.

எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் தொகை. நம் பையிலிருந்து போனதற்கு முன்னால் கழித்தல் குறி. கடைசி வரியில் இன்றைய தேதியும் இன்றைய மதிப்பும், கூட்டல் தொகையாக.

```
2024-01-05   -5000
2024-02-05   -5000
2024-03-05   -5000
2024-04-05   -5000
2024-05-06   -5000
2024-06-05   -5000
2024-08-05   -5000
2024-09-05   -5000
2024-10-07   -5000
2024-10-28   -20000
2024-11-05   -5000
2024-12-05   -5000
2025-01-06   78850

=XIRR(B2:B14, A2:A14)
```

முதல் வரியைத் தலைப்புக்கு விட்டால் இந்தப் பதின்மூன்று வரிகளும் 2 முதல் 14 வரை உட்காரும். விடை 0.115 என்று வந்தால் பயப்பட வேண்டாம், கட்டத்தைச் சதவீத வடிவத்துக்கு மாற்றினால் 11.5% ஆகிவிடும். திரும்பிப்போன ஜூலைக்கு வரியே தேவையில்லை. அறிக்கையில் 5,000-க்குப் பதில் 4,999.75 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 25 காசு முத்திரைத் தீர்வை, 0.005 சதவீதம். உங்கள் பையிலிருந்து போனது 5,000 என்பதால் 5,000 என்றே எழுதுங்கள். நடுவில் பணம் எடுத்திருந்தால் எடுத்த தேதியில் கூட்டல் தொகையாக ஒரு வரி. வெளியேறும் கட்டணம் பிடித்திருந்தால், பிடித்தது போக வங்கிக்கு வந்த தொகைதான் கணக்கு.

டீச்சர் முதலில் தட்டியபோது விடை வரவில்லை, #VALUE! என்று வந்தது. காரணம் தேதி. அவர் நம் வழக்கப்படி 05-02-2024 என்று எழுதியிருந்தார். அந்த ஷீட் அமெரிக்க வழக்கத்தில் இருந்ததால் அதை மே 2 என்று படித்தது. 05-03 மே 3, 05-04 மே 4. ஓர் ஆண்டுத் தவணையில் பெரும்பகுதி மே மாத முதல் இரண்டு வாரத்துக்குள் போய் அடைந்துவிட்டது. 28-10-2024 மட்டும் அதற்குப் புரியவில்லை, 28-ஆவது மாதம் ஏது? அதை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது, அதனால் பிழை வந்தது. அந்த 28-ஐ வாழ்த்த வேண்டும். போனஸ் மட்டும் போடாமல் இருந்திருந்தால் பிழைச் செய்தியே வராமல் நம்பும்படியான ஒரு தப்பான எண் வந்திருக்கும். கண்டுபிடிக்க வழி எளிது. ஷீட் தேதியாகப் புரிந்துகொண்டது கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், புரியாதது இடப்பக்கம். ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டதும் வலப்பக்கம்தான் நிற்கும் என்பதால், தேதிப் பத்தியை மாதப் பெயரோடு காட்டும் வடிவத்துக்கு மாற்றி ஒருமுறை படித்துவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் File, Settings போய் Locale-ஐ இந்தியாவாக மாற்றலாம். மேலே காட்டியதுபோல் ஆண்டை முன்னால் எழுதினாலும் குழப்பம் இல்லை.

#NUM! வந்தால் பெரும்பாலும் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கும். எல்லாமே ஒரே குறியாக இருந்தால் கணக்கு நகராது. பெரிய நஷ்டத்தில் இருக்கும் கணக்குக்கு எக்செல் சிலசமயம் 0.00% என்றோ, 2.98E-09 என்றோ காட்டும். அது விடை இல்லை, தேடித் தோற்ற அடையாளம். மூன்றாவதாக ஒரு தொடக்க ஊகம் கொடுத்துப் பாருங்கள்:

```
=XIRR(B2:B14, A2:A14, -0.1)
```

விடை சரிதானா என்று காகிதத்திலேயே சோதிக்க முடியும். முன்பு பார்த்த 166 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 5.13-ஐ 166-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 11.3. ஷீட் சொன்ன 11.5-க்கு மிக அருகில். ஷீட் 25 என்றோ 3 என்றோ சொல்லியிருந்தால் ஏதோ ஒரு தேதியோ குறியோ பிசகியிருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

ஃபண்டின் விளம்பர அட்டவணையில் இருக்கும் 'ஓர் ஆண்டு வருமானம்' உங்கள் XIRR-ஓடு ஒத்துப்போகாது. அது முதல் நாள் மொத்தமாகப் போட்ட ஒருவரின் கணக்கு. இதே காலத்து நிஃப்டி 50 நல்ல உதாரணம். 2024 ஜனவரி 5-இல் 21,711 புள்ளிகள், 2025 ஜனவரி 6-இல் 23,616. ஏறக்குறைய 8.8 சதவீத ஏற்றம். ஆனால் டீச்சரின் தேதிகளில், டீச்சரின் தொகைகளை அந்தக் குறியீட்டில் போட்டிருந்தால், டிவிடெண்டைச் சேர்க்காமல், XIRR ஒரு சதவீதத்தையொட்டியே வரும். ஆகஸ்டு முதல் வாங்கிய எல்லாமே, போனஸ் பணம் உட்பட, 24,000-க்கு மேல் வாங்கியவை. குறியீடு இறங்கி வந்து நின்றதோ அதற்குக் கீழே. யாரும் ஏமாற்றவில்லை, இரண்டு எண்களும் சரிதான். ஆகவே இரண்டு ஃபண்டுகளை ஒப்பிட வேண்டுமானால், உங்கள் தேதிகளையும் தொகைகளையும் இரண்டிலும் வைத்து XIRR போட்டால்தான் நியாயம்.

இன்னொரு எச்சரிக்கை, டீச்சரின் மகன் உபயம். அவன் புதிதாக ஒரு ஃபண்டில் 5,000 போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. செயலியில் 106% என்று பச்சை நிறத்தில் மின்னியதைக் கொண்டுவந்து காட்டினான். பத்து நாளில் அவனுக்குக் கிடைத்தது 2 சதவீதம், நூறு ரூபாய். பத்து நாளுக்கு ஒருமுறை 2 சதவீதம் ஆண்டு முழுக்கக் கிடைத்துக்கொண்டே இருந்தால் 106 ஆகும் என்று XIRR நீட்டிப் பார்க்கிறது. கேட்டதற்கு அது ஒழுங்காகத்தான் பதில் சொல்கிறது. ஓர் ஆண்டு ஆகாத பணத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது, போட்ட தொகையும் இன்றைய மதிப்பும் போதும்.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தான். திரையில் சிவப்பில் -19%. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டேன். போட்ட பணத்தில் ஐம்பது ரூபாய்.