ஓயாது வடியும் கண்ணீர்: அடைபட்ட வழியும் புதிய வழியும்

அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவதை நாம் எல்லோரும் அறிவோம். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே ஒரு வாய்க்கால் இருப்பதே அதற்குக் காரணம். மூக்குப் பக்கமாக உள்ள இமை ஓரத்தில் மேலும் கீழும் இரண்டு சிறு துளைகள் உண்டு. கண்ணீர் அவற்றின் வழியே ஒரு சிறு பைக்குள் இறங்கி, அங்கிருந்து எலும்புக்குள் செல்லும் குழாய் வழியாக மூக்கினுள் வடிகிறது.

நாற்பது வயதைக் கடந்தவர்களில், சிறப்பாகப் பெண்களில், பைக்குக் கீழே உள்ள இக்குழாய் சிறிது சிறிதாகச் சுருங்கி அடைபடுவதுண்டு. மடை அடைபட்டால் வாய்க்கால் நீர் வரம்பு மேவிப் பாய்வதுபோல, கண்ணீர் கன்னத்தில் வழியும். பையில் தேங்கிய நீரில் கிருமிகள் பெருகிச் சிதழ் பிடிக்கும்.

கப்பல்துறையில் வயல் வேலை செய்யும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். ஒரு வருடமாக அவருக்கு ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிகிறது. சொட்டு மருந்து விட்டால் பீளை குறைகிறது. நிறுத்தினால் திரும்பவும் வருகிறது. மருந்து கிருமியை அடக்குமேயன்றி அடைப்பைத் திறக்காது. கண் வைத்தியர் மூக்கோரத்தில் மெதுவாக அழுத்துகிறார். துளை வழியே சிதழ் மேலே வருகிறது. பின்னர் கூரற்ற ஊசியால் கீழ்த் துளைக்குள் உப்புநீர் செலுத்துகிறார். வழி திறந்திருந்தால் தொண்டையில் உப்புக் கரிக்கும். இவருக்கோ அது மேல் துளையால் திரும்பி வருகிறது. ஆகவே, அடைப்பு பைக்குக் கீழேதான்.

இதை நாட்பட விடலாகாது. சூடு மிதிக்கும்போது நெற்சுணை கண்ணில் கீறினால், பையிலுள்ள கிருமிகள் அக்கீறலில் இறங்கிக் கருவிழியைப் புண்ணாக்கும், பார்வையும் போகலாம். வெண்படல சத்திரசிகிச்சை தேவைப்படுவோருக்கும் முதலில் இதையே சீர்செய்வது வழக்கம்.

பழைய குழாயைத் துப்புரவாக்குவதால் பெரியவர்களுக்கு நிலையான பயன் கிடைப்பது அரிது. ஆகவே புதிய வழி வெட்டப்படுகிறது. 1904இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகர வைத்தியர் தோத்தி இம்முறையை விவரித்தார். மூக்கின் பக்கத்தில் ஒரு சிறு வெட்டிட்டு, பைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள மெல்லிய எலும்பில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் அகலமான துவாரம் செய்வர். பின்பு பையையும் மூக்கின் உட்சவ்வையும் திறந்து ஒன்றோடொன்று தைப்பர். கண்ணீர் இனி அடைப்பைச் சுற்றி நேரே மூக்கினுள் இறங்கும். சிலருக்குச் சில வாரங்களுக்கு மெல்லிய சிலிக்கன் குழாயும் வைக்கப்படும்.

பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இது பலன் தரும். சிலருக்குத் துவாரம் தழும்பால் மூடிக்கொள்ளும். நீர்வடிதல் மீண்டும் தொடங்குவதே அதன் அறிகுறி. மூக்கால் இரத்தம் வடியலாம் என்பதால் அஸ்பிரின் எடுப்பவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். முதல் இரு வாரங்கள் மூக்கைப் பலமாகச் சீறலாகாது.

மூக்கோரம் சிவந்து, வீங்கி, கொதித்து வலித்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அதைப் பிதுக்கவோ வீட்டில் கீறவோ வேண்டாம். கீறிய இடம் ஆறாத் துளையாகி, கண்ணீர் அதன் வழியே ஒழுகக்கூடும். முதலில் மருந்தால் வீக்கம் தணிக்கப்படும். சில வாரங்களின் பின்னரே சத்திரசிகிச்சை. வீக்கம் வற்றியதும் நோய் தீர்ந்தது என எண்ணி நின்றுவிடாதீர்கள். அடைப்பு அப்படியே இருக்கிறது. இடம் மாறிச் செல்ல நேர்ந்தால் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அடுத்த வைத்தியர் அதைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.