வாலடியில் ஒரு வண்ணப் பட்டை

ஏழெட்டு கறவை மாடு வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் பிடிபடாமல் போவது சினைப்பருவம்தான். மாடு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வருகிறது. 18 முதல் 24 நாள் வரை முன்பின் ஆகலாம். மற்ற மாடு தாண்டும்போது அசையாமல் நின்று கொடுக்கும் நேரமோ அரை நாள் அளவுதான். நன்றாகக் கறக்கும் மாட்டில் அதைவிடவும் குறையும். அதிலும் பெரும்பங்கு இரவிலும் விடியற்காலையிலும் நடந்துவிடுகிறது. கத்தும், சளி ஒழுகும் என்று காத்திருந்தால், கத்தாத மாடு தவறிவிடும். அடுத்த வாய்ப்புக்கு மூன்று வாரம் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

நியூசிலாந்துப் பண்ணைகளில் 1970களிலிருந்து வழக்கத்தில் இருக்கும் எளிய வழி, வாலடியில் வண்ணம் பூசுவது. வால் தொடங்கும் இடத்திலிருந்து முதுகெலும்பின் மேலாக முன்னோக்கி ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம் பூசினால் போதும். ஒரு மாடு தாண்டினால் அதன் நெஞ்சு அந்த இடத்தில்தான் உரசும், பட்டை அழியும். உதிரும் முடியைத் துடைத்துவிட்டு, ஈரமில்லாத தோலில், மாட்டின் நிறத்தில் எடுப்பாகத் தெரியும் வண்ணத்தைப் பூச வேண்டும். கெட்டியாகப் பூசினால் தாண்டினாலும் அழியாது. அகலமாகப் பூசினால் சும்மா உரசினாலே அழிந்ததுபோல் தெரியும். இதற்கென்று விற்கும் பெயின்ட் கிடைக்காவிட்டால் கால்நடைகளுக்கு அடையாளமிடும் மெழுகுக் குச்சியால் தினமும் காலையில் தீட்டலாம். மாட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டும் வீடுகளில் அந்த ஒரு சாண் இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்க வேண்டும்.

ஆனால், பட்டை அழிந்திருந்தால் பருவம் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பக்கத்து மாடு நக்கியிருக்கலாம், தாழ்ந்த கம்பியில் உரசியிருக்கலாம். நக்கிய இடத்தில் முடி ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். தாண்டப்பட்ட மாட்டில் முடி கலைந்து நிற்கும், இரு விலாவிலும் சேறு அப்பியிருக்கும். சினை மாடுகளிலும் சில பருவ அறிகுறி காட்டும். தெரியாமல் ஊசி போட்டால் கரு கலையக்கூடும். இங்கேதான் நோட்டுப் புத்தகம் வேண்டியிருக்கிறது. அழிந்த பட்டை அந்த மாட்டுக்கு உரிய நாளில் அழிந்ததா என்பதை அதுதான் சொல்லும்.

எட்டு கலப்பின மாடுகள் இரவில் அவிழ்த்துவிடப்பட்டு வேலிக்குள் திரியும் ஒரு பட்டியை எடுத்துக்கொள்வோம். ஜூலை 10 அன்று கன்று ஈன்ற காரி என்ற மாட்டின் பக்கத்தில், செப்டம்பர் 2 காலை ஒரு வரி இருக்கிறது: “வாலில் ரத்தக் கசிவு.” பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாளில் இப்படி வருவது உண்டு. பருவம் ஆகஸ்ட் 31 வாக்கில் கண்ணில் படாமல் போயிருக்கிறது. அதோடு 21 நாள் கூட்டினால் செப்டம்பர் 21. ஆகவே 17ஆம் தேதி புதிதாக மஞ்சள் பட்டை. 20 மாலை: “பால் அரை லிட்டர் குறைவு, தீனியில் நாட்டமில்லை, செவலையைத் தாண்டியது.” இரவு ஒன்பது மணிக்கும் பட்டை அப்படியே இருந்தது. தாண்டும் மாட்டுக்குப் பருவம் என்று சொல்ல முடியாது, நின்று கொடுக்கும் மாட்டுக்கே பருவம். அதனால் பொறுத்திருந்ததே சரி. 21 காலை ஆறு மணிக்குப் பட்டை பாதிக்குமேல் அழிந்து, முடி கலைந்திருந்தது. மற்ற மாடுகளின் பட்டைகளில் மாற்றமில்லை.

காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை என்பது பொது விதி. அது பருவம் தொடங்கியதைக் கண்ணால் பார்த்தவருக்கானது. இங்கே தொடக்கம் இரவு ஒன்பதுக்கும் காலை ஆறுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. மாலைவரை தள்ளினால் காலம் கடக்கலாம். மதியத்துக்குள் போட்டுவிடுவது நல்லது.

ஊசி போட்டதும் பட்டையை நீலமாக மாற்ற வேண்டும். 23ஆம் தேதி ரத்தம் தெரிந்தால் சினை பிடிக்கவில்லை என்று பலர் மனம் தளர்வார்கள். பருவம் வந்து போனது என்பதைத் தவிர அந்த ரத்தம் வேறு எதையும் சொல்லாது. அக்டோபர் 9 முதல் 15 வரை நீலப் பட்டையை ஒரு நாளும் விடாமல் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் அழிந்தால் சினை நிற்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அழியாவிட்டால் நம்பிக்கை உண்டு, உறுதியில்லை. இரண்டு மூன்று மாதத்தில் மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நாள் முழுவதும் முளைக்குச்சியில் கட்டிய மாட்டுக்கு இந்தப் பட்டை பயன்படாது, தாண்ட வேறு மாடு வராது என்பதால். காலையும் மாலையும் அரைமணி நேரம் சேர்த்து அவிழ்த்துவிட்டால் ஓரளவு பலன் கிடைக்கும். எருமைகள் ஒன்றையொன்று தாண்டுவதே அரிது. அவற்றுக்குச் சளியையும் பால் குறைவையும் குறித்து வைக்கும் நோட்டுதான் துணை.