மாற்றுச் சான்றிதழ் வேண்டி ஒரு மடல்

சென்ற 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நான் எழுதிய கடிதம் ஒன்று தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து என்னிடமே திரும்பி வந்தது. அதனுடன் தலைமையாசிரியர் கையால் எழுதிய மூன்று வரிக் குறிப்பும் இருந்தது. எம்.எஸ்ஸி. வேதியியல் படிப்பவன், ஆய்வுக் கூடத்தில் நூறு அறிக்கைகள் எழுதிப் பழகியவன், ஒரு பள்ளிக்கூடக் கடிதத்தில் தோற்றுப் போனேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், நம் மன்ற நண்பர்களில் பலர் என்னைப் போலவே ஊரில் தம்பி தங்கையரை விட்டுவிட்டுத் தலைநகரில் வாழ்பவர்கள். என்றேனும் அவர்களை இங்கு அழைத்துக்கொள்ள நேரும். ஆகையால் நடந்ததைச் சொல்கிறேன்.

தந்தையார் தில்லிக்கு வேலைக்கு வந்தபோது தம்பி கைக்குழந்தை. அவனை ஆச்சியிடம் விட்டு வந்தோம். ஊரில் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் அவன் ஏழாம் வகுப்பு வரை படித்தான். ஆச்சிக்குப் பார்வை மங்கத் தொடங்கவே, எட்டாம் வகுப்புக்கு அவனை இங்கே சேர்ப்பதென முடிவாயிற்று. தில்லியில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கிவிடும். நம் ஊரிலோ ஏப்ரலில்தான் ஆண்டுத் தேர்வே முடியும். இந்த இடைவெளியில் அகப்பட்டவன் என் தம்பி. அவனுக்கு ஓராண்டு வீணாகுமோ என்ற அச்சம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

அச்சத்தில் எழுதியதால்தானோ என்னவோ, என் முதற் கடிதம் இரண்டு பக்கம் நீண்டது. ஆச்சியின் உடல்நிலை, தந்தையாரின் பணி, பள்ளிக்கு நாங்கள் பட்ட நன்றிக்கடன் எல்லாம் அதில் இருந்தன. தலைமையாசிரியர் கேட்டவையோ மூன்றே: பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும், சேர்க்கை எண்ணைக் குறிக்க வேண்டும், மாணவன் கடைசியாக வரும் நாளைத் தெரிவிக்க வேண்டும். இம்மூன்றும் என் இரண்டு பக்கங்களில் எங்கும் இல்லை!

அந்தக் குறிப்பைப் படித்த பிறகே எனக்கு ஒன்று விளங்கிற்று. மாற்றுச் சான்றிதழ் என்பது தலைமையாசிரியர் நம் கடிதத்தைப் பார்த்து எழுதித் தருவதன்று. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளதைப் பார்த்து எடுத்தெழுதுவது. நம் கடிதத்தின் வேலை, அந்தப் பதிவேட்டில் சரியான பக்கத்தைத் திறக்க உதவுவதும், பதிவேட்டில் இல்லாத சில செய்திகளைத் தருவதுமே. தமிழ்நாட்டுச் சான்றிதழின் வரிகளில் ஒன்று, பெற்றோரோ காப்பாளரோ சான்றிதழ் கோரி விண்ணப்பித்த நாள் எது என்று கேட்கிறது. மாணவன் பள்ளிக்குக் கடைசியாக வந்த நாளுக்கும், மேல்வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதியுடையவனா என்பதற்கும் தனித்தனி வரிகள் உண்டு. முறைக்கடிதத்தின் பகுதிகளை அந்த வரிகளோடு பொருத்திப் பார்த்தால், பள்ளிப் பருவத்தில் நாம் மனப்பாடம் செய்த அனுப்புநர், பெறுநர் என்ற வரிசை பொருளற்றதன்று என்பது தெரியும்.

இரண்டாம் முறை எழுதிய கடிதத்தைப் பெயர்களையும் எண்களையும் மட்டும் மறைத்துக் கீழே தருகிறேன்.

அனுப்புநர்
(தந்தையின் பெயர், பதிவேட்டில் உள்ளவாறு),
(கதவு எண், தெரு),
புது தில்லி – (அஞ்சல் குறியீட்டெண்).

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்,
(பள்ளியின் பெயர்),
(ஊர்), தூத்துக்குடி மாவட்டம் – (அஞ்சல் குறியீட்டெண்).

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: ஏழாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் 2-4-2025 நாளிட்ட குறிப்பு.

வணக்கம். என் மகன் (பெயர்), சேர்க்கை எண் (…), தங்கள் பள்ளியில் 2024–25ஆம் கல்வியாண்டில் ஏழாம் வகுப்பு ‘அ’ பிரிவில் பயின்று ஆண்டுத் தேர்வு எழுதி முடித்துள்ளான். அவன் பள்ளிக்குக் கடைசியாக வந்த நாள் 24-4-2025.

நான் பணியின் பொருட்டுப் புது தில்லியில் குடியிருப்பதால், அவனை இங்குள்ள பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்க்க உள்ளேன். ஆகவே, தேர்ச்சி விவரம் குறித்த மாற்றுச் சான்றிதழை வழங்குமாறும், பள்ளிக் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் அவன் பெயரைத் தங்கள் பள்ளிப் பட்டியலிலிருந்து விடுவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்குச் சேரவேண்டிய நூல்களும் பிற பொருள்களும் திருப்பித் தரப்பட்டுவிட்டன.

சான்றிதழை என் சார்பில் என் தாயார் நேரில் பெற்றுக்கொள்ள இசைகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(தந்தையின் கையொப்பம்)

இடம்: புது தில்லி
நாள்: 28-4-2025

இணைப்பு: தந்தையின் அடையாள அட்டைப் படி 1, மாணவனின் ஆதார் அட்டைப் படி 1.

உறைமேல் முகவரி
(பெறுநர் முகவரி முழுமையாக)

இனி, இதில் எங்கெங்கே கவனம் வேண்டும் என்று பார்ப்போம்.

அனுப்புநர் என்ற இடத்தில்தான் நான் முதலில் வழுக்கினேன். பாட நூல்களில் மாணவனே கடிதம் எழுதுவதாகப் பயிற்சி இருக்கும், அது பயிற்சிக்காக. உண்மையில் சிறுவனுக்காகக் கேட்க உரியவர், பதிவேட்டில் பெற்றோர் அல்லது காப்பாளர் என்று குறிக்கப்பட்டவரே. இருபத்து மூன்று வயது அண்ணன் ஆனாலும் பள்ளியின் கண்ணுக்கு அவன் அயலானே. யாரோ ஒருவர் கேட்டவுடன் குழந்தையின் பெயரை அடித்துச் சான்றிதழைக் கொடுத்துவிடும் பள்ளியை நாம்தான் நம்புவோமா? எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சேர்க்கையின்போது கையெழுத்திட்டவர் ஆச்சி. பதிவேட்டில் இருந்ததோ தந்தையார் பெயர். எனவே தந்தையார் கேட்கவும் ஆச்சி பெற்றுக்கொள்ளவுமாக அந்த ஒற்றை வரியைச் சேர்த்தோம். அது இல்லாவிட்டால் தந்தையார் இரண்டு இரவுகள் ரயிலில் கழித்து ஊருக்குப் போயிருக்க வேண்டும்.

பெறுநர் பகுதியில் தலைமையாசிரியரின் பெயரை எழுத வேண்டா, பதவியே போதும். விடுமுறைக் காலத்தில் பொறுப்பில் வேறொருவர் இருந்தாலும் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரும்.

பொருள் என்பது ஒரே வரி. அதில் ஒரே வேண்டுகோள்தான் இருக்கவேண்டும். பெயர்த் திருத்தம், பிறந்த நாள் திருத்தம் ஆகியவற்றையும் இதிலேயே நுழைத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் எனக்குச் சொன்னார். நல்ல வேளை, கேட்கவில்லை. திருத்தம் வேறு வேலை. அதற்குப் பிறப்புச் சான்று முதலிய ஆதாரங்களோடு தனி விண்ணப்பம் தரவேண்டும். இரண்டையும் கலந்தால், திருத்தம் முடியும் வரையில் சான்றிதழும் காத்துக் கிடக்கும். திருத்தம் இருக்கிறதா என்பதைச் சான்றிதழ் கேட்பதற்கு முன்பே அறிந்துகொள்ளுங்கள். ஊரில் உள்ள யாரையேனும் பள்ளிக்கு அனுப்பிப் பதிவேட்டில் பெயரும் பிறந்த நாளும் எவ்வாறு உள்ளன என்று பார்த்துவரச் சொன்னால் போதும்.

பெயரைப் பற்றி இங்கே ஒரு சொல். தில்லியில் எல்லோரும் குடும்பப் பெயரைக் கேட்பார்கள். நமக்கோ தந்தை பெயரின் முன்னெழுத்துத்தான். தம்பியின் ஆதார் அட்டையில் தந்தை பெயர் முழுமையாகப் பின்னே வந்தது. பள்ளிப் பதிவேட்டில் ஓரெழுத்து மட்டும் முன்னே நின்றது. கடிதத்தில் எதை எழுதுவது? பதிவேட்டில் உள்ளபடியே எழுதினோம். ஏனெனில் எழுத்தர் தேடுவது அந்தப் பெயரை. சான்றிதழில் தந்தையின் பெயர் தனி வரியில் வருவதால், முன்னெழுத்து எதைக் குறிக்கிறது என்பது அந்தத் தாளிலேயே விளங்கிவிடும். தில்லிப் பள்ளியில் இந்த வரியைச் சுட்டிக் காட்டியபோது ஏற்றுக்கொண்டார்கள்.

உடலில் மூன்று செய்திகள் போதும்: யார், எதுவரை படித்தான், ஏன் போகிறான். தேர்வு முடிந்ததைக் குறிப்பிட மறவாதீர்கள். ஆண்டின் நடுவே விலகுகிறவனுக்குத் தேர்ச்சி வரியில் படிப்பை இடையில் நிறுத்தினான் என்று எழுதிவிடுவதுண்டு. பிறகு மேல்வகுப்பில் சேர்க்கப் புதிய பள்ளி தயங்கும். நான் மார்ச்சிலேயே அவசரப்பட்டுக் கேட்டது கிடைத்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். கடிதம் திரும்பி வந்தது ஒருவகையில் நன்மையே.

பெயரை விடுவிக்கும் வேண்டுகோள் நம் முன்னோர் கடிதங்களில் இல்லாதது. இன்று ஒவ்வொரு மாணவனின் பெயரும் கணினிப் பட்டியலில் ஒரு பள்ளியோடு பிணைந்திருக்கிறது. பழைய பள்ளி விடுவிக்காத வரையில், தாள் கையில் இருந்தாலும் புதிய பள்ளி தன் பட்டியலில் அவனைச் சேர்ப்பதில் தடை நேரும்.

நாளும் இடமும் கடைசியில் வருவதால் பலர் அவற்றை அலட்சியம் செய்கிறார்கள். நான் முன் சொன்னபடி, விண்ணப்பித்த நாள் சான்றிதழிலேயே ஏறுவது. கடிதத்தின் படி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் பாதுகாப்பது நல்லது.

தாமதமானால் என்ன செய்வது? குழந்தைகளுக்கான இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இதைப் பற்றிப் பேசுகிறது. அதன் ஐந்தாம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்வியில் உள்ள பிள்ளை மாநிலத்துக்கு உள்ளேயோ வெளியேயோ அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் மாறலாம். பழைய பள்ளியின் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தரவேண்டும். அது வரத் தாமதமாவதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. இந்த விதியைச் சொல்லித்தான் தம்பியை மே மாதத் தொடக்கத்திலேயே, தாள் வருமுன், தில்லியில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் சேர்த்தோம். ஒன்பதாம் வகுப்புக்கும் அதற்கு மேலும் இந்தப் பிரிவு துணைக்கு வராது. தனியார் பள்ளியில் இடம் கேட்கவும் இதைக் காட்ட முடியாது. கட்டண பாக்கிக்காகச் சான்றிதழை நிறுத்தி வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகள் கட்டணத்தை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்றும், பாக்கி விவரத்தை அதில் எழுதக் கூடாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கூறியிருக்கிறது. ஆனால் இவற்றையெல்லாம் முதற் கடிதத்திலேயே எழுதிப் பயமுறுத்த வேண்டியதில்லை. கேட்டவுடன் கொடுக்கிற பள்ளிகளே மிகுதி.

வெளிமாநிலத்திலிருந்து வரும் சான்றிதழில் கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டுமென்று சில பள்ளிகள் கேட்பதுண்டு. சேரப்போகும் பள்ளியிடம் இதை முன்கூட்டியே கேட்டு, வேண்டுமென்றால் தாள் ஊரில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். எங்களிடம் கேட்கவில்லை.

மே 9ஆம் நாள் ஆச்சி பள்ளிக்குச் சென்று கையெழுத்திட்டு வாங்கினார். பார்வை மங்கியவர் ஆதலால், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட அழைத்துப்போய், பெயர், பிறந்த நாள் எண்ணிலும் எழுத்திலும், தந்தை பெயர், தேர்ச்சி வரி, முத்திரை என்று ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பிறந்த நாள் எண்ணில் ஒரு மாதமும் எழுத்தில் வேறொரு மாதமுமாக இருந்ததைக் கண்டது அந்தப் பெண்தான். எழுத்தர் பதிவேட்டைத் திறந்து பார்த்து, அங்கேயே வேறு தாள் எழுதித் தலைமையாசிரியரிடம் கையொப்பம் வாங்கித் தந்துவிட்டார்.