படம் வந்துவிட்டது, பதில் எப்படி எழுதுவது?

காலை ஏழரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. கிரீம் நிறக் குழாய், அதன் வளைவில் தொங்கும் ஒரு சொட்டு, பின்னால் வெள்ளை டைல்ஸ். கீழே ஒரு வார்த்தை இல்லை. அனுப்பியவர் சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர். வீட்டின் உரிமையாளரான அம்மா கோயம்புத்தூரில் இருக்கிறார். அப்படி வைத்துக்கொள்வோம்.

பல வீட்டுக்காரர்கள் இந்த இடத்தில் "எத்தனை நாளா ஒழுகுது?" என்று ஒரே வரியில் கேட்பார்கள். இல்லையென்றால் படத்தை அப்படியே ப்ளம்பருக்குத் தள்ளிவிடுவார்கள். ப்ளம்பர் மத்தியானம் பார்த்துவிட்டு, "இது எந்த இடம்மா?" என்று கேட்பார். கேள்வி மறுபடி வேளச்சேரிக்குப் போய்ப் பதில் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

படத்தில் ஒன்றுமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. கிரீம் நிறம் என்றால் பெரும்பாலும் சிபிவிசி, வெந்நீரும் தாங்கும் குழாய். மேல்தொட்டியிலிருந்து வரும் நல்ல தண்ணீர்க் குழாயாகத்தான் இருக்கும், கழிவுநீர்க் குழாயாக இருக்காது. இணைப்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஒழுகல் நேற்று தொடங்கியதல்ல. போர்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காய்ந்து காய்ந்துதான் அந்தப் படிவு உண்டாகும். அதற்கு நாள் பிடிக்கும். ஆனால் சொட்டு நொடிக்கு ஒன்றா, நிமிடத்துக்கு ஒன்றா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. படம் எடுத்த நேரம் தெரியும், ஒழுகத் தொடங்கிய நேரம் தெரியாது. இவ்வளவு நெருக்கத்தில் எடுத்தால் சமையலறை சிங்க்குக்குக் கீழே உள்ள வளைவும் கழிப்பறைக்குப் பின்னால் உள்ள வளைவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆக, கேட்க வேண்டியவை மூன்று: எங்கே, எப்போதிலிருந்து, எவ்வளவு அவசரம். இவற்றை இப்படியே கேட்டால்தான் சிக்கல்.

"எப்போதிலிருந்து?" என்ற கேள்வி வாடகைக்கு இருப்பவர் காதில் "இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?" என்றுதான் விழும். அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில், பத்து நாள் ஒழுகியதையும் "நேத்துதாங்க" என்று சொல்லிவிடுவார். "அவசரமா?" என்பது அதைவிட மோசம். கூச்சப்படுகிறவர் வாளி நிரம்பி வழிந்தாலும் "கொஞ்சம்தாங்க" என்பார். பதற்றக்காரருக்கு ஒரு சொட்டும் வெள்ளம். "எங்கே?" என்றால் "பாத்ரூம்ல" என்று பதில் வரும். பாத்ரூமில் ஏழெட்டு இணைப்புகள் இருக்கின்றன. இப்படிக் கேட்டால் வருவது அவரவர் அபிப்பிராயம்தான். கண்ணால் பார்த்தும் கையால் அளந்தும் சொல்லக்கூடியதைக் கேட்டால்தான் ப்ளம்பருக்குப் பயன்படும்.

அந்த அம்மா எழுதக்கூடிய பதில் இது:

"தம்பி, வணக்கம். படம் கிடைத்தது, அனுப்பியது நல்லதாயிற்று. முதலில் ஒன்று பாருங்கள். தண்ணீர் சொட்டும் இடத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ ஸ்விட்ச் போர்டு, கீசர் பிளக், வாஷிங் மெஷின் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஈரக் கையோடு எதையும் தொட வேண்டாம். மெயின் ஸ்விட்ச் நனையாத இடத்தில் இருந்தால் அதை அணைத்துவிட்டு, மெசேஜ் போடாமல் எனக்கு உடனே போன் செய்யுங்கள்.

அப்படி இல்லையென்றால், நாலடி பின்னால் தள்ளி நின்று இன்னொரு படம் எடுங்கள். வாஷ்பேசினா, கழிப்பறையா, குழாய்க்கு மேலே கீழே என்ன இருக்கிறது என்பது தெரிய வேண்டும். சொட்டுவதைப் பத்து விநாடி வீடியோ எடுத்தாலும் நல்லது.

வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். அப்போதும் சொட்டுகிறதா? மோட்டார் போடும்போது மட்டுமா? மாடி வீட்டில் தண்ணீர் புழங்கும்போது மட்டுமா?

குளிக்கிற மக் ஒன்றைக் கீழே வைத்து, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அந்தச் சுவரிலோ தரையிலோ ஈரம் முதன்முதலாகக் கண்ணில் பட்டது எப்போது என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டுச் சொல்லுங்கள். யார் மேல் தப்பு என்று பார்ப்பதற்காகக் கேட்கவில்லை, ப்ளம்பர் என்ன சாமானோடு வர வேண்டும் என்பது அதை வைத்துத்தான் தெரியும். செலவைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

குழாய்க்குப் பக்கத்தில் சுவரில் ஆங்கிள் காக் இருந்தால் வலப்பக்கமாகத் திருகி மூடிப் பாருங்கள். இறுகியிருந்தால் முரட்டுத்தனமாகத் திருக வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள். உங்கள் பதில் வந்ததும் ப்ளம்பரிடம் பேசி நேரம் சொல்கிறேன். இன்று, நாளை எந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பீர்கள்?"

கடிதம் கொஞ்சம் நீளம்தான். ஆனால் நாலு தடவை போய் வர வேண்டிய பேச்சு இதில் ஒரே தடவையில் முடிந்துவிடுகிறது. மின்சாரத்தைப் பற்றிய வரி ஏன் முதலில் என்று விளக்க வேண்டியதில்லை. குழாய்களை மூடிவிட்டுப் பார்க்கச் சொல்வதற்குத்தான் விளக்கம் தேவை, ஏனென்றால் பாதி நோயைக் கண்டுபிடிப்பது அந்தச் சோதனைதான்.

மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும். அதில் கசிவு என்றால் குழாயைத் திறந்தாலும் மூடினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். கழிவுநீர்க் குழாய் அப்படியல்ல, யாராவது கை கழுவும்போதுதான் அதில் தண்ணீர் ஓடும், அப்போதுதான் ஒழுகும். கீழ்த்தொட்டியிலிருந்து மேலே ஏற்றும் குழாய் மோட்டார் ஓடும்போது மட்டும் பீய்ச்சும். மாடிக்காரர் குளிக்கிற நேரத்தில் மட்டும் நம் வீட்டுக் கூரை சொட்டினால் கோளாறு நம் குழாயில் இல்லவே இல்லை. நம் ப்ளம்பரை அனுப்பிப் பிரயோஜனமில்லை, மாடிக்காரரிடமோ சங்கச் செயலாளரிடமோ பேச வேண்டும்.

வேளச்சேரியிலிருந்து பதில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "வாஷ்பேசினுக்குக் கீழங்க. பக்கத்துல கரண்ட் எதுவும் இல்ல. எல்லாத்தையும் மூடினாலும் சொட்டுது. மக் நிரம்பப் பத்து நிமிஷம் ஆச்சு. ஆங்கிள் காக்கை மூடினேன், நிக்கல. சொட்டறது நேத்துல இருந்துதான், ஆனா அந்த டைல்ஸ் பக்கம் ரெண்டு வாரமா ஈரமா இருந்துச்சுன்னு வீட்ல சொல்றாங்க."

இதில் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். எப்போதும் சொட்டுகிறது என்பதால் இது நல்ல தண்ணீர்க் குழாய். காக்கை மூடியும் நிற்கவில்லை என்பதால் கசிவு காக்குக்குப் பின்னால், சுவர்ப் பக்கம். காக்கை மூடியதும் நின்றிருந்தால், காக்கிலிருந்து பேசினுக்குப் போகும் கனெக்‌ஷன் பைப்பை மாற்றினால் போதும், அரை மணி நேர வேலை. அதற்கு நாளைக்கோ மறுநாளோ ஆள் வந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது மக். ஒரு லிட்டர் மக் பத்து நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 6 லிட்டர், ஒரு நாளைக்கு 144 லிட்டர். 500 லிட்டர் மேல்தொட்டி என்றால் மூன்றரை நாளில் முழுத் தொட்டியும் போய்விடும். உயிர் போகிற அவசரம் இல்லை, தள்ளிப்போடவும் முடியாது. இன்று சாயங்காலம் அல்லது நாளைக் காலை ஆள் போயாக வேண்டும். நிமிடத்துக்கு ஒரு மக் என்று பதில் வந்திருந்தால், ப்ளம்பருக்குக் காத்திருக்காமல் அப்போதே மொட்டைமாடிக்குப் போய் கேட் வால்வை மூட வேண்டியிருக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டு வார ஈரம். சொட்டு நேற்று வந்தது என்பதை மட்டும் ப்ளம்பரிடம் சொன்னால், வெளியே தெரியும் காக்கைக் கழற்றி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, திரும்ப முடுக்கிவிட்டுப் போய்விடுவார். சொட்டு நிற்கலாம், உள் கசிவு நிற்காது. இரண்டு வாரமாகச் சுவர் ஈரம் என்றால் தண்ணீர் சுவருக்குள் ஊறி, வழி கிடைத்த பிறகுதான் வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. சுவருக்குள் இருக்கும் பித்தளை மரை எல்போவில் விரிசலாக இருக்கலாம். டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு உளியும் சுத்தியலும், அரை அங்குல எல்போவும், சால்வெண்ட் சிமென்ட் பசையும் வேண்டும். வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் எங்கே என்று அந்த அம்மாதான் யோசிக்க வேண்டும். கேட் வால்வை மூடினால் அதே குழாயில் தண்ணீர் எடுக்கும் மற்ற வீடுகளுக்கும் வராது, எனவே செயலாளருக்கும் முதல் நாளே ஒரு வார்த்தை. பசை போட்ட இணைப்பில் உடனே தண்ணீர் விடக் கூடாது, பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரைக்கும் காய விட வேண்டும். அதுவரை புழங்க இரண்டு குடம், இரண்டு வாளி பிடித்துவைக்கச் சொல்ல வேண்டும்.

ஆள் வரும் வரை எம்-சீல் வைக்கலாமா என்று கேட்பார்கள். தண்ணீர் கசிகிற ஈரக் குழாயில் அது சரியாகப் பிடிக்காது. நேர்க்குழாயில் சின்ன ஓட்டை என்றால் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினால் ஒரு ராத்திரி தாங்கும். சுவரை ஒட்டிய இணைப்பில் அந்த வித்தையும் எடுபடாது. வாளி வைப்பதுதான் வழி.

செலவு யாருடையது? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்துச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், குழாய்களை மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷரும் டேப்பும் மாற்றுவது, வாஷ்பேசின் ரிப்பேர், கீசர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்குள் எல்போ என்றால் அம்மா தர வேண்டும், காக்குக்கு இந்தப் பக்கம் என்றால் தம்பி தர வேண்டியிருக்கலாம். இடம் தெரியாமல் பொறுப்பு தெரியாது. அதனால்தான் கடிதத்தில் "செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றும் இல்லை, "நீங்கள்தான் தர வேண்டும்" என்றும் இல்லை. பழுது பார்க்க வீட்டுக்குள் வருவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. எந்த நேரம் சௌகரியம் என்று கேட்டு, அவரே இன்றைக்கு வரச் சொல்லி எழுதிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிறவரிடம் சாவியைக் கொடுக்கும் அன்றே மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், எந்த கேட் வால்வு எந்த வீட்டுக்கு என்று காட்டிவிடுங்கள். வால்வுக்குப் பக்கத்தில் பெயிண்டால் வீட்டு எண்ணையும் எழுதிவையுங்கள். குடியிருப்பவர்களே, அடுத்த முறை படம் அனுப்பும்போது எந்த இடம், மக் நிரம்ப எத்தனை நிமிடம் என்று கீழே ஒரு வரி போட்டுவிடுங்கள்.